எண்ணெய் முடிக்கா, மண்டைக்கா?

அக்கா மகள் கோவைக் கல்லூரி விடுதியிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். கறுப்புச் சுடிதாரின் தோளில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. அக்கா அதைப் பார்த்ததுமே, “தலை காஞ்சு வறண்டு போச்சு, ஹாஸ்டல்ல எண்ணெயே வைக்கிறதில்ல” என்று சொல்லிக்கொண்டே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். வகிடு வகிடாகப் பிரித்து மண்டையில் எண்ணெயை அழுத்தித் தேய்த்து, இறுக்கிப் பின்னி, இரவு முழுக்க ஊற விட்டாள். மறுநாள் தோளில் ஒரு பொடியும் இல்லை. விடுமுறை முடியும் வரை தினமும் இதே வைத்தியம்தான். விடுதிக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் அவள் எனக்குப் போன் செய்தாள். “சித்தி, முன்னைவிட மோசமா இருக்கு. செதில் செதிலா மஞ்சளா வருது. அரிப்பு தாங்கல.”

எண்ணெய் வைத்ததும் பொடி மறைந்தது உண்மை. எண்ணெய் வைத்ததால் பொடி கூடியதும் உண்மை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று புரிந்துகொள்ள, நாம் ஒரே மூச்சில் ‘தலை’ என்று சொல்லிவிடுவதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, வெளியே தொங்கும் முடி. இன்னொன்று, அது முளைக்கும் மண்டைத் தோல். முடிக்கு உயிர் கிடையாது. மண்டைத் தோல் உயிருள்ளது. அதன் மேல் கிருமிகளும் குடியிருக்கின்றன. ஒன்றுக்கு நல்லது செய்யும் எண்ணெய் மற்றதற்கும் நல்லது செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில் முடி. ஓர் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். மெல்லிய தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து படிந்திருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இந்த இழை நீரைக் குடித்து உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. உப்பும்போது ஓடுகள் தூக்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் சீப்பு போட்டால் ஓடுகள் பெயர்கின்றன. வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் இப்படி உப்பிச் சுருங்கிய முடியின் நுனிதான் பிளந்து, சொரசொரத்து, கடைசியில் முறிகிறது. நீளமான கூந்தலின் நுனியில் இருப்பது பல வருடத்துக்கு முன் முளைத்த முடி என்பதை நினைவில் கொண்டால், அது எத்தனை குளியலைப் பார்த்திருக்கும் என்பது விளங்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது.

இந்த உப்பலைத் தடுப்பதில்தான் தேங்காய் எண்ணெயின் உண்மையான பலம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, கிளையோ வளைவோ இல்லாமல் நேராக இருப்பது, புரதத்தோடு ஒட்டக்கூடியது. அதனால் ஓடுகளின் இடுக்கு வழியாக முடியின் உள்ளேயே போய்விடுகிறது. பிறகு தண்ணீர் வந்தால் உள்ளே அதற்கு இடம் குறைவு. மும்பையில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரேலே, மொஹிலே ஆகிய இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் முடிக்கற்றைகளில் பூசி, கழுவி, சீவி, எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. நல்ல முடி, சாயமும் ரசாயனமும் பட்டுக் கெட்ட முடி இரண்டிலும் முடிவு அதுவே. மினரல் ஆயில் முடிக்குள் நுழைவதில்லை என்பதை அதற்கு இரண்டு வருடம் முன்பே, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள இழை ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து காட்டியிருந்தார்கள்.

மாரிகோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. சோதனை நடந்ததும் வெட்டியெடுத்த முடிக்கற்றையில்தான், ஆட்களின் தலையில் அல்ல. ஆனாலும் லாரிக் அமிலம் உள்ளே போவதற்கான காரணம் வேதியியலில் தெளிவாக இருக்கிறது. அளந்த விதமும் நேரானது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு.

நல்லெண்ணெய் அந்தச் சோதனையில் இல்லை. அதில் இருப்பவை பெரும்பாலும் ஒலீயிக், லினோலீயிக் என்ற வளைந்த மூலக்கூறுகள், சூரியகாந்தி எண்ணெயின் உறவினர்கள். ஆகவே அது முடியின் மேல் படிந்து சிக்கெடுக்க உதவும், வழவழப்புத் தரும், ஆனால் தேங்காய் எண்ணெய் அளவுக்கு உள்ளே போகும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இப்போது நம் எண்ணெய் முழுக்கின் வரிசையைப் பாருங்கள். முதலில் எண்ணெய் தேய்ப்பது. பிறகு ஊறுவது. அதன் பிறகு சீயக்காயோ அரப்போ போட்டு, பிசுக்குப் போக அலசிவிடுவது. கழுவுவதற்கு முன் எண்ணெய் என்ற இந்த வரிசை, உப்பலிலிருந்து முடியைக் காக்கும் வரிசையேதான். சீயக்காய் எண்ணெயை முழுவதும் எடுக்காது. உள்ளே போனது உள்ளேயே தங்கும், மண்டையில் வழிந்தது போய்விடும். ஆனால் முழுக்கு வாரத்துக்கு ஒருமுறை நடந்தது. இன்று பல வீடுகளில் மிஞ்சியிருப்பது அதுவல்ல. குளித்த தலையில் தினமும் எண்ணெய் வைத்து, மூன்று நான்கு நாள் அலசாமல் விட்டு, மேலும் மேலும் தடவுகிற பழக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. முழுக்கில் எண்ணெய் மண்டையில் ஒரு மணி நேரம் இருந்தது. இதில் நாள் கணக்கில் இருக்கிறது. மண்டைத் தோலுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

மனிதர்கள் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வாழ்கிறது. அதற்குக் கொழுப்பு வேண்டும். தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ளும் திறன் அதற்கு இல்லை. எனவே எண்ணெய்ச் சுரப்பிகள் விடும் கொழுப்பை நொதியால் உடைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தில் முக்கியமானது ஒலீயிக் அமிலம். சிலருடைய தோலுக்கு இது ஒன்றும் செய்வதில்லை. வேறு சிலருடைய தோலில் எரிச்சலைக் கிளப்பி, செல்களை அவசரமாகத் தள்ளி, செதிலாக உதிரச் செய்கிறது. பொடுகு வரும் வாகுள்ளவர்களின் மண்டையில் ஒலீயிக் அமிலத்தைத் தடவினாலே செதில் வருவதையும், மற்றவர்களுக்கு அப்படி வராததையும் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ஒலீயிக் அமிலம்தான், நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு. ‘பொடுகுக்கு ஆலிவ் ஆயில் வை’ என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் ஒலீயிக் அமிலம் குறைவு. லாரிக் அமிலத்துக்குக் கிருமிகளை ஒடுக்கும் குணம் உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். இந்தியப் பெண்கள் 140 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் மண்டையின் நல்ல நுண்ணுயிர்களைக் கூட்டுவதாகச் சொன்னது. ஆனால் நுண்ணுயிர்க் கணக்கு மாறுவது வேறு, பொடுகு குணமாவது வேறு. மலசீசியா உண்ணும் கொழுப்பு அமில வரிசையில் லாரிக் அமிலமும் வருகிறது. அரிப்பும் மஞ்சள் செதிலும் உள்ள தலையில் அதை நாள் கணக்கில் விட்டுவைப்பதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

அக்கா மகளின் தலையில் நடந்தது இதுதான். எண்ணெய் பட்டதும் செதில்கள் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டன. நிறம் தெரியவில்லை, உதிரவும் இல்லை. அக்காவுக்கு அது குணம் மாதிரித் தெரிந்தது. அடியில் ஈஸ்டுக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். செதில் தூள் மாதிரி உலர்ந்து வருகிறதா, இல்லை கையில் ஒட்டுகிற மாதிரிப் பிசுபிசுப்பா? புருவத்திலும் மூக்கின் ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்து தோல் உரிகிறதா? கை கால் தோலும் வறண்டிருக்கிறதா? பிசுபிசுப்பு, காதுக்குப் பின்னால் சிவப்பு, கை கால் சாதாரணம் என்றாள். உடம்பெல்லாம் வறண்டு, தலையில் மெல்லிய வெள்ளைத் தூளாக உதிர்ந்தால்தான் அது வறட்சி. அதற்கு எண்ணெய் உதவும். இவளுடையது வறட்சி இல்லை.

தோல் மருத்துவர் அவளுக்கு எழுதிக் கொடுத்தது 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ. வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். இதில் பலரும் தவறுவது நேரத்தில்தான். முடியில் நுரை வரத் தேய்த்து உடனே அலசிவிடுகிறார்கள். அந்த மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் மண்டைத் தோல். நனைந்த தலையில் விரல் நுனியால் தோலில் படும்படி தடவி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகே அலச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தலையில் முதலில் சாதாரண ஷாம்பூவால் ஒருமுறை கழுவிவிட்டு இதைப் போட்டால் மருந்து தோலைத் தொடும். அவளுக்கு இரண்டாவது வாரத்திலேயே அரிப்பு நின்றது. பொடுகு வரும் வாகு போகாது, அதனால் இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஷாம்பூவைப் போட்டுக்கொள்கிறாள்.

அடுத்து வளர்ச்சி. ‘எண்ணெய் தேய்த்தால் முடி வளரும்’ என்பதை நம்பாத வீடு நம் ஊரில் குறைவு. முடி வளர்வது தோலுக்கு அடியில் உள்ள வேர்ப்பையில். தேங்காய், ஆமணக்கு, ஆர்கான் எண்ணெய்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2022-ல் வெளியான ஒரு மதிப்பீடு, தேங்காய் எண்ணெய் முடி முறிவதைக் குறைக்கிறது என்றும், முடியை வளர்ப்பதற்கான சான்று மிகக் குறைவு என்றும் சொன்னது. விளக்கெண்ணெய்க்குக் கொஞ்சம் பளபளப்பு தரும் என்ற அளவில் மட்டும், அதுவும் பலவீனமான சான்று.

அப்படியானால் எண்ணெய் வைத்து முடி நீண்டது என்று பாட்டிமார் சொல்வது பொய்யா? பொய்யில்லை. நுனி முறியாத முடி நீளமாகத் தங்கும். வேரிலிருந்து வளரும் வேகம் மாறாவிட்டாலும், நுனியில் இழப்பது குறைந்தால் கூந்தல் நீளும். உங்கள் பிரச்சினை முறிவா உதிர்வா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சீப்பில் வந்த முடிகளை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முழு நீளமும் இருந்து, ஒரு முனையில் சின்ன வெள்ளை முடிச்சு தெரிந்தால் அது வேரோடு வந்த முடி. நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை இப்படி விழுவது இயல்பு. முடிச்சு இல்லாமல் குட்டை குட்டையாக இருந்தால் அது முறிந்த முடி. எண்ணெய் காப்பாற்றக்கூடியது இரண்டாவதைத்தான். முடிச்சோடு கொத்துக் கொத்தாக வந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலோ பிரசவமோ பட்டினி டயட்டோ இருந்ததா என்று யோசித்து, ரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதே வழி.

தேய்ப்பதைப் பற்றியும் ஒரு சின்ன ஆய்வு உண்டு. ஜப்பானில் 9 ஆண்கள் தினமும் 4 நிமிடம், 24 வாரம், கருவியால் மண்டையை மசாஜ் செய்துகொண்டார்கள். முடியின் தடிமன் சராசரியாக 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. முடிகளின் எண்ணிக்கை கூடவில்லை. அவர்கள் எண்ணெய் எதுவும் பயன்படுத்தவில்லை. ஒன்பது பேரை வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் பலன் ஏதாவது இருந்தால் அது விரலுடையது, எண்ணெயுடையது அல்ல என்பதை இது காட்டுகிறது. ரோஸ்மேரி எண்ணெயை 2 சதவீத மினாக்சிடிலோடு ஒப்பிட்டு, 100 ஆண்களிடம் ஆறு மாதம் நடத்தி, 2015-ல் வெளியான ஈரானிய ஆய்வை விளம்பரங்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுகின்றன. இரண்டும் ஒரே அளவு பலன் தந்ததாக அது சொன்னது. மருந்தில்லாத வெறும் எண்ணெய் தடவிய குழு அதில் இல்லை, அதனால் அந்த முடிவின் மேல் நான் பாரம் ஏற்ற மாட்டேன்.

விளக்கெண்ணெய் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் 2017-ல் ஒரு நிகழ்வு பதிவாகியிருக்கிறது. நீண்ட கூந்தலுள்ள 20 வயதுப் பெண். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தலையில் தேய்த்துவிட்டுக் குளித்திருக்கிறார். அலசும்போதே முடி முழுவதும் ஒன்றோடொன்று பின்னி, கல் மாதிரி இறுகிவிட்டது. பிரிக்கவே முடியவில்லை, வெட்ட வேண்டி வந்தது. விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடப் பல மடங்கு கெட்டியானது. நீள முடியை உச்சியில் குவித்து வட்டமாகத் தேய்க்கும்போது ஓடுகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கின்றன, கெட்டி எண்ணெய் அதைப் பசை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. இது அரிது. ஆனால் நடந்துவிட்டால் கூந்தல் போயே போய்விடும். விளக்கெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் நிறைய தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து, முடியைக் குவிக்காமல் மேலிருந்து கீழாக மட்டும் நீவி, அதே திசையில் அலச வேண்டும்.

பொடுகுள்ளவர்கள் தவிர இன்னும் சிலர் மண்டையில் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். நெற்றியில், முடி தொடங்கும் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பருக்கள் வருகிற பள்ளிப் பிள்ளைகள் முதலில். இரவில் வைத்த எண்ணெய் தலையணை உறை வழியாக முகத்துக்கு வருகிறது. எண்ணெயை நிறுத்தி, உறையை அடிக்கடி மாற்றினால் சில வாரங்களில் குறையும். முடிக்கால்களில் சீழ்க் கொப்புளமோ கட்டியோ இருப்பவர்கள் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் தொற்று பரவும். குழந்தையின் தலையில் வட்டமாக முடி முறிந்து, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை வேண்டும், எண்ணெய் நாளைக் கடத்தும். புழுவெட்டு என்று நாம் சொல்லும் வழவழப்பான வட்ட வழுக்கைக்கும் எண்ணெயில் காலம் கடத்தக் கூடாது. வாசனை சேர்த்த தைலங்களை மாற்றிய பிறகு நெற்றியோரம் அரித்து, பழுப்பாகக் கறுத்தால் அந்தத் தைலம் ஒவ்வாமை தருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சொரியாசிஸ் மட்டும் இதற்கு நேர் எதிர். அதன் தடித்த வெள்ளிச் செதிலை எண்ணெய் இளக்கும், மருந்து உள்ளே போக வழிவிடும். எனவே தலையில் செதில் என்றால் முதலில் அது எது என்று தெரிந்துகொள்வதே முக்கியம்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். உச்சந்தலையில் சேரும் மஞ்சள் பொருக்கை எண்ணெய் தடவி இளக்கி, கொஞ்ச நேரத்தில் மென்மையாகக் கழுவி எடுப்பதில் தப்பில்லை. குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதுதான் ஆபத்து. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அந்த இருமலைச் சரியாகத் தூண்டாமலே நுரையீரலுக்குள் வழுக்கிப் போய், அங்கேயே தங்கி நிமோனியாவாகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றிய கட்டுரை 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இன்றும் அந்த வழக்கம் முழுதாக நிற்கவில்லை.

கடையில் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ‘ஹேர் ஆயில்’ என்ற பெயரில் நெல்லியும் கறிவேப்பிலையும் படமாகப் போட்டிருக்கும் சிலவற்றில் முதல் சேர்மானம் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின். அது முடிக்கு வழவழப்புத் தரும், தீங்கில்லை, ஆனால் உள்ளே போகாது. முடி முறியாமல் காக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், சமையலுக்கு விற்கும் சாதாரண தேங்காய் எண்ணெய் போதும். குளிர் காலத்தில் உறைந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் உருகிவிடும், அடுப்பில் வைக்க வேண்டாம்.

அக்கா மகள் இப்போது விடுமுறைக்கு வந்தால் சனிக்கிழமை காலை அக்கா அவளை முன்னால் உட்கார வைத்துக்கொள்கிறாள். ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே தொங்கும் முடியில் மட்டும் நுனி வரை நீவுகிறாள். ஒரு மணி நேரம் கழித்துக் குளியல். பழக்கத்தில் கை உச்சியை நோக்கிப் போகும்போதெல்லாம், “அம்மா, மேல வேண்டாம்” என்கிறாள் மகள். அக்கா கையை இறக்கிக்கொள்கிறாள்.